கப்பிக்கும் நிறை உண்டு: சாய்தளக் கணக்கில் முடுக்கம் காண்பது எப்படி

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். காலி வாளியைக் கயிற்றோடு கீழே விட்டால் ராட்டினம் கடகடவென்று வேகமெடுக்கும். வாளி தண்ணீரில் விழுந்து கயிறு தளர்ந்த பிறகும் ராட்டினம் உடனே நிற்காது. அது பாட்டுக்கு இன்னும் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டுத்தான் அடங்கும். நிற்க மறுக்கிற ஒரு பொருளைச் சுழலத் தொடங்க வைப்பதற்கும் ஏதோ ஒன்று உழைத்திருக்க வேண்டும். உழைத்தது கயிறு. வாளிப் பக்கம் இருந்த இழுப்பும் மறுபக்கம் இருந்த இழுப்பும் சமமாக இருந்திருந்தால் ராட்டினம் அசைந்தே இருக்காது. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம்தான் அதைச் சுழற்றியது.

கப்பிக் கணக்கில் பிள்ளைகள் தவறவிடுவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைத்தான். இயக்க விதிகள் பாடத்தில் முதலில் வருகிற கப்பிகள் எல்லாம் நிறையற்றவை, உராய்வற்றவை. அங்கே கயிறு முழுவதும் ஒரே இழுவிசை `T` என்று எழுதிப் பழகிவிடுகிறோம். பிறகு சுழற்சி இயக்கம் படித்து முடித்ததும் அதே படம் திரும்ப வரும். இந்த முறை கப்பிக்கு நிறையும் ஆரமும் கொடுத்திருப்பார்கள். கை மட்டும் பழக்கத்தில் இரண்டு பக்கமும் `T` என்றே எழுதிவிடும். அப்புறம் கப்பியின் நிறையை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான்.

ஒரே ஒரு கணக்கை எடுத்து, கடைசி வரை அதிலேயே போவோம்.

## கணக்கு

கிடைமட்டத்தோடு 30 டிகிரி சாய்ந்த ஒரு சாய்தளம். அதன் மேல் 4 கிலோ நிறையுள்ள ஒரு கட்டை. கட்டையில் கட்டிய கயிறு தளத்துக்கு இணையாக மேலே போய், உச்சியில் உள்ள கப்பியைச் சுற்றி, மறுபக்கம் நேர் கீழே தொங்குகிறது. அந்த முனையில் 3 கிலோ எடைக்கல். கப்பி ஒரு திண்ம வட்டத்தட்டு. அதன் நிறை 2 கிலோ, ஆரம் 10 சென்டிமீட்டர். கயிறு மெல்லியது, நீளாதது, கப்பியின் மேல் வழுக்காதது. முதலில் தளத்தில் உராய்வு இல்லை என்று வைத்துக்கொள்வோம். கப்பியின் அச்சிலும் உராய்வு இல்லை. கையை எடுத்ததும் கட்டை என்ன முடுக்கத்தில் நகரும்?

```
m1 = 4 kg,  m2 = 3 kg,  θ = 30°
M = 2 kg,   R = 0.10 m,  g = 9.8 m/s²
I = ½MR² = ½ × 2 × 0.01 = 0.01 kg·m²
```

## முதல் படி: எந்தப் பக்கம் நகரும்?

சமன்பாடு எழுதும் முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும். எடைக்கல்லைக் கீழே இழுப்பது `m2·g`, அதாவது 29.4 நியூட்டன். கட்டையைத் தளத்தோடு கீழே இழுப்பது அதன் எடையில் தளத்துக்கு இணையான கூறு, `m1·g·sinθ`. அது 4 × 9.8 × 0.5, அதாவது 19.6 நியூட்டன். எடைக்கல் பக்கம் 9.8 நியூட்டன் அதிகம். ஆகவே எடைக்கல் இறங்கும், கட்டை மேலேறும், கப்பி எடைக்கல் பக்கமாகச் சுழலும்.

எடைக்கல்லின் 3 கிலோ கட்டையின் 4 கிலோவைவிடக் குறைவு என்பதால் கட்டைதான் இறங்கும் என்று சிலர் நினைத்துவிடுவார்கள். சரிவில் இருக்கும் கட்டை தன் முழு எடையாலும் கயிற்றை இழுப்பதில்லை. தளத்துக்குச் செங்குத்தான கூறைத் தளம் தாங்கிக்கொள்கிறது. 30 டிகிரியில் கயிற்றுக்கு வருவது பாதிதான். ஆகவே 4 கிலோ கட்டையை இங்கே 2 கிலோ எடைக்கல்லே அசையாமல் நிறுத்திவிடும்.

நகரும் திசையை மூன்று பொருள்களுக்கும் நேர்க்குறித் திசையாக வைத்துக்கொள்ளுங்கள்: கட்டைக்குத் தளத்தோடு மேலே, எடைக்கல்லுக்குக் கீழே, கப்பிக்கு எடைக்கல் இறங்கும் சுழற்சி. ஒரு பொருளுக்கு மேல்நோக்கியும் இன்னொன்றுக்கு வேறு மாதிரியும் வைத்தால் இணைப்புச் சமன்பாட்டில் ஒரு கழித்தல் குறி ஒளிந்துகொள்ளும். அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

## இரண்டாம் படி: மூன்று பொருள், மூன்று படம்

கட்டை, எடைக்கல், கப்பி மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் வெளியிலிருந்து செயல்படும் விசைகளை மட்டும் வரையுங்கள். கப்பியையும் ஒரு பொருளாக எண்ணி அதற்கும் ஒரு படம் போடுவதில்தான் இந்தக் கணக்கு பழைய கணக்கிலிருந்து வேறுபடுகிறது.

கட்டைப் பக்கக் கயிற்றின் இழுவிசையை `T1` என்போம், எடைக்கல் பக்கத்தை `T2` என்போம். கட்டைக்கு மேல்நோக்கி `T1`, கீழ்நோக்கி `m1·g·sinθ`. தளத்துக்குச் செங்குத்தான திசையில் கட்டை நகர்வதில்லை. ஆகவே அந்தத் திசை விசைகள் தங்களுக்குள் சமன் ஆகிவிடும். உராய்வு வரும்போது மட்டும் அவை தேவைப்படும். எடைக்கல்லுக்குக் கீழே `m2·g`, மேலே `T2`.

கப்பியின் மேல் நான்கு விசைகள் உள்ளன: அதன் எடை, அச்சு தரும் தாங்கு விசை, `T1`, `T2`. முதல் இரண்டும் மையத்தின் வழியாகவே போகின்றன. மையத்திலிருந்து அவற்றுக்குத் தூரம் சுழி, ஆகவே திருப்பு விசையும் சுழி. கப்பியின் நிறை 2 கிலோ என்றாலும் அதன் எடை இந்த இயக்கத்துக்கு உதவுவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. அதைச் சுழற்ற மிஞ்சுவது `T2`, `T1` இரண்டின் வித்தியாசம் மட்டுமே. இரண்டும் விளிம்பைத் தொட்டுச் செல்வதால் இரண்டுக்கும் தூரம் `R`.

```
கட்டை:     T1 − m1·g·sinθ = m1·a
எடைக்கல்:  m2·g − T2 = m2·a
கப்பி:      (T2 − T1)·R = I·α
```

இங்கே ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். நிறையற்ற கயிற்றில் எல்லா இடத்திலும் இழுவிசை ஒன்று என்றுதானே படித்தோம், ஒரே கயிற்றில் இரண்டு இழுவிசை எப்படி வரும்? நிறையற்ற கயிற்றின் ஒரு துண்டை எடுத்தால் அதன் மேல் உள்ள நிகர விசை சுழியாகத்தான் இருக்க வேண்டும். காற்றில் தனியாக நிற்கும் துண்டில் இரு முனை இழுப்பு மட்டுமே உண்டு, ஆகவே அவை சமம். கட்டையிலிருந்து கப்பி வரை `T1` மாறாது, கப்பியிலிருந்து எடைக்கல் வரை `T2` மாறாது. கப்பியின் மேல் படிந்திருக்கும் பகுதி அப்படித் தனியாக இல்லை. அங்கே கப்பியின் விளிம்பு உராய்வால் கயிற்றைப் பிடித்து இழுக்கிறது. அந்த உராய்வு வளைவு நெடுகிலும் இழுவிசையை `T1`-லிருந்து `T2` வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறது. கயிறு கப்பியைச் சுழற்றுவதும் இதே உராய்வின் எதிர்வினையால்தான். கயிறு வழுக்காதது என்ற ஒரு வார்த்தைக்குள் இவ்வளவு இருக்கிறது.

## மூன்றாம் படி: கயிறு காட்டும் உறவு

நம்மிடம் மூன்று சமன்பாடுகள். தெரியாதவை `T1`, `T2`, `a`, `α` என நான்கு. நான்காவது சமன்பாட்டைக் கயிறு தருகிறது. கயிறு நீளாது என்பதால் கட்டையும் எடைக்கல்லும் ஒரே அளவு முடுக்கம் பெறுகின்றன. கயிறு வழுக்காது என்பதால் விளிம்பும் அதே முடுக்கத்தில் ஓடுகிறது.

```
a = R·α    எனவே    α = a/R
```

இதைத் தலைகீழாக `α = a·R` என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அலகைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கோண முடுக்கத்தில் மீட்டர் வராது. `a`-வில் இருக்கும் மீட்டரை நீக்க வேண்டுமானால் `R`-ஆல் வகுத்தாக வேண்டும்.

கப்பியின் சமன்பாட்டில் இதைப் போட்டு இரு பக்கமும் `R`-ஆல் வகுத்தால் இப்படி வரும்.

```
T2 − T1 = (I/R²)·a
```

இந்த வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இடது பக்கம் ஒரு விசை, வலது பக்கம் ஏதோ ஒன்றை `a`-வால் பெருக்கியது. நியூட்டனின் இரண்டாம் விதியின் வடிவம் அப்படியே இருக்கிறது. அந்த ஏதோ ஒன்றான `I/R²`-க்கு நிறையின் அலகே வருகிறது. சுழலும் கப்பி, கயிற்றின் பார்வையில், நேராக ஓடும் `I/R²` கிலோ பொருளைப் போலவே கனக்கிறது. நம் கப்பிக்கு அது 0.01 / 0.01, அதாவது 1 கிலோ. நிஜ நிறை 2 கிலோ. கயிறு உணர்வது 1 கிலோ. தட்டின் நிறை முழுவதும் விளிம்பில் இல்லையே. மையத்துக்கு அருகில் இருக்கும் பகுதிகள் மெதுவாகத்தான் நகர்கின்றன.

## நான்காம் படி: மூன்றையும் கூட்டுங்கள்

இப்போது ஒன்றை இன்னொன்றில் பிரதியிட்டுத் திண்டாட வேண்டியதில்லை. மூன்று சமன்பாடுகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி அப்படியே கூட்டுங்கள்.

```
T1 − m1·g·sinθ = m1·a
m2·g − T2      = m2·a
T2 − T1        = (I/R²)·a
-----------------------------------
m2·g − m1·g·sinθ = (m1 + m2 + I/R²)·a
```

இழுவிசைகள் இரண்டும் தாமாகவே அடிபட்டுப் போகின்றன. அப்படிப் போகவில்லை என்றால் எங்கோ குறி தவறியிருக்கிறது. எண்களைப் போடும் முன்பே அதைத் திருத்திவிடலாம்.

```
a = (m2·g − m1·g·sinθ) / (m1 + m2 + I/R²)
  = (29.4 − 19.6) / (4 + 3 + 1)
  = 9.8 / 8
  = 1.225 m/s²
```

கப்பியை நிறையற்றது என்று எடுத்திருந்தால் 9.8 / 7, அதாவது 1.4 வந்திருக்கும். கப்பியின் நிறை தொகுதியில் எட்டவே இல்லை, பகுதியில் மட்டும்தான் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். அது எந்தப் பக்கமும் இழுப்பதில்லை, ஆனால் முடுக்கத்தில் பங்கு கேட்கிறது.

திண்ம வட்டத்தட்டுக்கு `I/R²` என்பது `M/2`. அதாவது ஆரம் விடையிலேயே இல்லை. 2 கிலோ தட்டை 5 சென்டிமீட்டர் ஆரத்தில் செய்தாலும் 50 சென்டிமீட்டரில் செய்தாலும் கட்டையின் முடுக்கம் 1.225 தான். ஆரம் பெரிதானால் நிலைமத் திருப்புத்திறன் கூடுகிறது, ஆனால் கயிற்றுக்குக் கிடைக்கும் நெம்பும் தூரமும் கூடுகிறது, தேவையான கோண முடுக்கமும் குறைகிறது. எல்லாம் சரியாக ஈடுகட்டிக்கொள்கின்றன. கணக்கில் ஆரம் கொடுக்காமல் விட்டிருந்தால் பதற வேண்டாம். வடிவம் தெரிந்தால் போதும். அதே 2 கிலோவைச் சைக்கிள் சக்கரம் போல விளிம்பில் குவித்தால் `I/R²` ஏறக்குறைய முழு 2 கிலோவாகிவிடும். அப்போது `a` 9.8 / 9, சுமார் 1.09 ஆகக் குறையும். நிறை மாறவில்லை, அது எங்கே இருக்கிறது என்பதுதான் மாறியது.

## ஐந்தாம் படி: இழுவிசைகளைக் கண்டு சரிபாருங்கள்

முடுக்கம் மட்டும் கேட்டிருந்தாலும் இந்தப் படியைச் செய்யுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும்.

```
T1 = m1·g·sinθ + m1·a = 19.6 + 4.9 = 24.5 N
T2 = m2·(g − a) = 3 × 8.575 = 25.725 N
T2 − T1 = 1.225 N
(I/R²)·a = 1 × 1.225 = 1.225 N
```

கூட்டும்போது பயன்படுத்திய கப்பிச் சமன்பாடு இப்போது தனியாகவும் ஒத்துப்போகிறது. இன்னும் இரண்டு விஷயங்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். எடைக்கல் கீழே முடுக்கம் பெறுவதால் `T2` அதன் எடையான 29.4-ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும், இருக்கிறது. கப்பி எடைக்கல் பக்கம் வேகமெடுப்பதால் `T2` பெரிதாக இருக்க வேண்டும், அதுவும் சரி. `T2 = m2·g` என்று நேரே எழுதுபவர்கள், எடைக்கல் முடுக்கமே இல்லாமல் இருக்கிறது என்று எழுதுகிறார்கள். பிறகு அதே எடைக்கல்லுக்கு முடுக்கம் கண்டுபிடிக்க முடியாது.

## உராய்வு வந்தால்

இந்தக் கணக்கு உண்மையிலேயே கடினமாவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் மெதுவாகப் போவோம். தளத்தின் ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.15, இயக்க உராய்வுக் குணகம் 0.10 என்று வைத்துக்கொள்வோம். செங்குத்து விசை `m1·g·cosθ`, அதாவது 33.95 நியூட்டன். கயிறு தளத்துக்கு இணையாகப் போவதால் `T1` இதில் தலையிடுவதில்லை.

முதல் கேள்வி, நகருமா? உராய்வு இல்லாவிட்டால் நகரத் தூண்டும் விசை 9.8 நியூட்டன். ஓய்வுநிலை உராய்வு அதிகபட்சம் 0.15 × 33.95, சுமார் 5.09 நியூட்டன் தாங்கும். 9.8 அதைவிடப் பெரியது, ஆகவே நகரும். நகர்ந்ததும் இயக்க உராய்வு 3.395 நியூட்டன். கட்டை மேலே போவதால் உராய்வு கீழே இழுக்கும்.

```
a = (29.4 − 19.6 − 3.395) / 8 = 6.405 / 8 ≈ 0.80 m/s²
```

ஓய்வுநிலைக் குணகம் 0.3 ஆக இருந்திருந்தால் உராய்வு 10.18 நியூட்டன் வரை தாங்கும். 9.8 அதற்குள் அடங்கிவிடுகிறது. கட்டை அசையாது, முடுக்கம் சுழி. அப்போது உராய்வு 10.18 அல்ல, தேவையான 9.8 மட்டுமே. கப்பியும் சுழலவில்லை, ஆகவே `T1`, `T2` இரண்டும் 29.4. கப்பிக்கு எவ்வளவு நிறை இருந்தாலும் சரி, முடுக்கம் இல்லாதபோது இரண்டு இழுவிசையும் சமமாகிவிடும்.

அடுத்தது, நன்றாகப் படிப்பவர்களையும் சிக்க வைக்கிற இடம். எடைக்கல்லை 1 கிலோவாக மாற்றுங்கள். யோசிக்காமல் கட்டை மேலே போகும் என்று வைத்துக்கொண்டு, உராய்வைக் கீழ்நோக்கி எழுதினால் இப்படி வரும்.

```
a = (9.8 − 19.6 − 3.395) / (4 + 1 + 1) = −13.195 / 6 ≈ −2.20 m/s²
```

கழித்தல் குறி வந்தால் திசை எதிர் என்று அர்த்தம், ஆகவே 2.20 கீழ்நோக்கி என்று எழுதி முடித்துவிடுவார்கள். உராய்வு இல்லாத கணக்கில் இந்த வழக்கம் சரி. உராய்வு இருக்கும்போது தப்பு. கட்டை கீழே போகிறது என்றால் உராய்வு மேலே இழுத்திருக்க வேண்டும். நாம் எழுதியதில் அது கட்டையைக் கீழே தள்ளி உதவி செய்துகொண்டிருக்கிறது. முடிவை மாற்றினால் மட்டும் போதாது, சமன்பாட்டையே திருப்பி எழுத வேண்டும். கட்டை இறங்கும் திசையை நேர்க்குறியாக வைத்தால்:

```
a = (19.6 − 9.8 − 3.395) / 6 = 6.405 / 6 ≈ 1.07 m/s²
```

2.20-க்கும் 1.07-க்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். முதல் படியில் திசையை எண்களால் முடிவு செய்யச் சொன்னது இதற்காகத்தான். இந்தக் கணக்கில் கப்பி கட்டைப் பக்கமாக வேகமெடுக்கிறது, ஆகவே இப்போது `T1`-தான் பெரிது. இழுவிசைகளைக் கண்டு பாருங்கள்: `T1` சுமார் 11.94, `T2` சுமார் 10.87. வித்தியாசம் 1.07, நம் `I/R²` 1 கிலோ என்பதால் முடுக்கத்தின் எண்ணேதான்.

## ஆற்றல் வழியாக ஒரு முறை

உராய்வில்லாத முதல் கணக்குக்கே திரும்புவோம். ஓய்விலிருந்து எடைக்கல் 1 மீட்டர் இறங்கட்டும். அது இழக்கும் நிலை ஆற்றல் 29.4 ஜூல். கட்டை தளத்தில் 1 மீட்டர் ஏறுவதால் உயரத்தில் அரை மீட்டர் கூடி, 19.6 ஜூல் பெறுகிறது. மிச்சம் 9.8 ஜூல் இயக்க ஆற்றலாக வேண்டும். கப்பியின் பங்கு `½Iω²`. `ω = v/R` என்று போட்டால் அது `½(I/R²)v²` ஆகிறது. மொத்தம் ½ × 8 × v² = 9.8, ஆகவே v² = 2.45. முடுக்கத்திலிருந்து வந்தாலும் v² = 2 × 1.225 × 1, அதே 2.45.

இந்த 9.8 ஜூலைப் பிரித்துப் பார்த்தால் கட்டைக்கு 4.9, எடைக்கல்லுக்கு 3.675, கப்பிக்கு 1.225. கிணற்று ராட்டினம் கடைசியில் தனியாகச் சுற்றித் தீர்த்தது இந்த மூன்றாவது பங்கைத்தான்.

ஆற்றல் வழியில் இழுவிசை வரவே வராது. வேகம் மட்டும் வேண்டும் என்றால் அது சீக்கிரம் முடியும். இழுவிசை கேட்டிருந்தால் விசை வழிதான்.

## கயிறு வழுக்குமா?

வழுக்காது என்று கணக்கில் சொல்லிவிட்டார்கள். ஆனால் அது நடக்கக்கூடியதுதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. உருளையைச் சுற்றிய கயிறு வழுக்காமல் இருக்க, இரு பக்க இழுவிசைகளின் விகிதம் `e^(μβ)`-ஐத் தாண்டக் கூடாது. இதில் `μ` கயிறுக்கும் கப்பிக்கும் இடையிலான உராய்வுக் குணகம், `β` கயிறு கப்பியைத் தழுவியிருக்கும் கோணம் ரேடியனில். நம் கயிறு 30 டிகிரி மேல்நோக்கி வந்து நேர் கீழே திரும்புவதால் தழுவும் கோணம் 120 டிகிரி, அதாவது 2.094 ரேடியன். இழுவிசை விகிதம் 25.725 / 24.5, அதாவது 1.05. இதற்கு `μ` 0.023 இருந்தாலே போதும். சாதாரண நூலுக்கும் கப்பிக்கும் இடையே அதைவிட மிக அதிகமாகவே இருக்கும்.

கப்பி மிகக் கனமாகவும் எடைக்கல் பெரிதாகவும் இருந்தால் விகிதம் ஏறும், அப்போது வழுக்கலாம். வழுக்கினால் `a = R·α` செல்லாது. விளிம்பு ஒரு வேகத்திலும் கயிறு வேறு வேகத்திலும் ஓடும். மேலே எழுதிய விடை அங்கே பொருந்தாது. வழுவழுப்பான கப்பி, உராய்வே இல்லை என்று கணக்கில் இருந்தால், கப்பி சுழலவே சுழலாது. அப்போது அதன் நிறை எவ்வளவு என்றாலும் `T1`, `T2` சமம், முடுக்கம் 1.4. உராய்வற்றது என்று சொன்னது அச்சையா விளிம்பையா என்று கேள்வியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். இரண்டுக்கும் விடை வேறு.

## கையில் ஒரு கப்பி இருந்தால்

ஆய்வகத்தில் இதைச் செய்து பார்த்தால் முடுக்கம் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். பெரும்பாலும் காரணம் அச்சு உராய்வு. 1784-இல் தன் கப்பி இயந்திரத்தை விவரித்த ஜார்ஜ் அட்வுட் இதற்காகவே கப்பியின் அச்சு முனைகளை நான்கு சிறு சக்கரங்களின் மேல் உட்கார வைத்தார். நம்மிடம் அந்த வசதி இல்லை என்றால், உராய்வை அளந்து கணக்கில் சேர்த்துவிடலாம்.

கப்பியின் இரு பக்கமும் நேராக 2.5 கிலோ வீதம் தொங்கவிடுங்கள். நம் கணக்கின் இழுவிசைகளுக்கு அருகில் வருவதற்காகவே இந்த அளவு, ஏனென்றால் அச்சு உராய்வு சுமையைப் பொறுத்து மாறும். ஒரு பக்கம் சிறு எடைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். தட்டிய பிறகு வேகம் கூடாமல், குறையாமல் ஒரே சீராக இறங்குகிற நிலை ஒன்று வரும். அப்போது சேர்ந்திருக்கும் எடைதான் அச்சு உராய்வுக்கு ஈடு. உதாரணத்துக்கு அது 50 கிராம் என்றால் 0.49 நியூட்டன். அந்த எண்ணை நம் முடுக்கச் சமன்பாட்டின் தொகுதியில் கழியுங்கள்.

```
a = (9.8 − 0.49) / 8 = 9.31 / 8 ≈ 1.16 m/s²
```

கப்பி சீரான தட்டாக இல்லாமல் துளைகளும் ஆரக்கால்களுமாக இருந்தால் `½MR²` உதவாது. அதே அமைப்பில், சீராக இறங்கும் நிலைக்கு மேல் இன்னொரு 100 கிராம் சேர்த்து, ஓய்விலிருந்து 1 மீட்டர் இறங்க ஆகும் நேரத்தை எடுங்கள். தொங்கும் மொத்த நிறை 5.15 கிலோ, தூண்டும் விசை 0.98 நியூட்டன்.

```
a = 2 × 1 / t²
I/R² = 0.98/a − 5.15
t = 3.54 s  →  a ≈ 0.16 m/s²,  I/R² ≈ 1.0 kg
```

இங்கே ஒரு எச்சரிக்கை. நேரத்தை 3.44 நொடி என்று அளந்துவிட்டால், வெறும் 0.1 நொடி தவறுக்கு, `I/R²` சுமார் 0.65 ஆகிவிடும். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்கிறோம், அதனால் சின்னத் தவறும் மிச்சத்தில் பூதாகரமாகத் தெரிகிறது. கைக்கடிகாரத்தை அமுக்கி அளப்பது இதற்குப் போதாது. பக்கத்தில் ஒரு அளவுகோலை நிறுத்தி, நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவீடியோவைக் கைப்பேசியில் பதிவு செய்து, எடைக்கல் கிளம்பும் படத்திலிருந்து 1 மீட்டர் கோட்டைத் தொடும் படம் வரை எண்ணுங்கள். 3.54 நொடிக்குச் சுமார் 850 படங்கள் வரும். கிளம்பும் கணத்தில் மூன்று நான்கு படங்கள் தவறினாலும் `I/R²`-இல் வரும் பிழை 0.06 கிலோவைத் தாண்டாது.